ரீஃப்ரெஷ் செய்தும் பழைய பதிப்பே வருவது ஏன்?

ஒரு கடையில் பில் போடும் செயலி பிரவுசரிலேயே ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இணையதளத்தையே முகப்புத் திரையில் செயலியாகப் பொருத்திக்கொள்ளும் இந்த வகைக்கு ப்ரோகிரஸிவ் வெப் ஆப் என்று பெயர். வரி விகிதத்தை மாற்றிப் புதிய பதிப்பை ஏற்றிவிட்டதாக, அதை உருவாக்கியவர் சொல்கிறார். கல்லாவில் இருப்பவர் எத்தனை முறை ரீஃப்ரெஷ் அழுத்தினாலும் பழைய விகிதமே வருகிறது. நெட்டிலும் கோளாறில்லை, கம்ப்யூட்டரிலும் கோளாறில்லை.

நெட் இல்லாதபோதும் இந்தச் செயலி திறப்பதற்குக் காரணம், சர்வீஸ் வொர்க்கர் என்ற சிறு நிரல். பக்கத்துக்கும் சர்வருக்கும் நடுவில் இருந்துகொண்டு, சேமித்துவைத்த கோப்புகளை அது எடுத்துக் கொடுக்கும். பக்கம் திறக்கும்போது பிரவுசர் பின்னணியில் அந்த நிரலின் கோப்பைச் சர்வரில் இருப்பதோடு ஒப்பிடுகிறது. ஒரு பைட் மாறியிருந்தாலும் அதைப் புதியதாக எடுத்துக்கொண்டு, நமக்குத் தெரியாமலே நிறுவிவிடுகிறது. ஆனால் பொறுப்பை உடனே கொடுப்பதில்லை. பழைய வொர்க்கரின் கீழ் ஒரு டேப் திறந்திருந்தாலும் புதியது காத்திருக்க வேண்டும்.

இந்தக் காத்திருப்பு தேவையானதுதான். கடைக்காரர் ஒரு டேபில் பாதி பில் போட்டு வைத்திருக்கிறார். அந்த நேரத்தில் புதிய வொர்க்கர் பொறுப்பேற்றுப் பழைய கோப்புகளை அழித்துவிட்டால், அந்த டேப் அடுத்துக் கேட்கும் கோப்பு கிடைக்காது. பில் பாதியில் நின்றுவிடும். பழைய பக்கமும் புதிய நிரலும் ஒரே சேமிப்பில் வெவ்வேறு விதமாக எழுதினால், கணக்கே குழம்பிப்போகும்.

சரி, ஒரே ஒரு டேப்தான் இருக்கிறது, அதை ரீஃப்ரெஷ் செய்தால் போதாதா? போதாது. புதிய பக்கத்துக்கான பதில் வரத் தொடங்கும்வரை பழைய பக்கம் விலகுவதில்லை. அந்தப் பதிலைத் தருவதும் பழைய வொர்க்கர்தான். ஆகவே அதன் கீழ் ஒரு பக்கமும் இல்லை என்ற கணம் வருவதே இல்லை. குரோமில் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, Application பகுதியில் Service workers பார்த்தால், புதியது “waiting to activate” என்ற நிலையில் நிற்பது தெரியும்.

உருவாக்குபவர் நினைத்தால் `self.skipWaiting()` என்ற ஒரு வரியால் காத்திருப்பைத் தாண்டலாம். கண்ணை மூடிக்கொண்டு அதைப் போடுவது, மேலே சொன்ன பாதி பில் ஆபத்தை வரவழைப்பதாகும். “புதிய பதிப்பு தயார்” என்று ஒரு பட்டனைக் காட்டி, பயனர் அழுத்திய பிறகு மாற்றுவதே முறை.

அப்படிப் பட்டன் இல்லாத செயலியில், அந்தத் தளத்தின் எல்லா டேப்களையும் மூடுங்கள். செயலியாகப் பொருத்திய தனி ஜன்னலும் கணக்கில் சேரும். அதையும் மூடிவிட்டுத் திறங்கள். அவசரப்பட்டுத் தளத்தின் தரவை மொத்தமாக அழித்துவிடாதீர்கள். சர்வருக்கு இன்னும் போய்ச் சேராத பில்கள் அதில் இருந்தால், அவையும் சேர்ந்து போய்விடும்.