முதல் சம்பளச் சீட்டில் மூன்று நாள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் சம்பளச் சீட்டு வந்ததும் கையில் வரும் தொகையைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது, சேர்ந்த தேதியையும் ஊதியம் கணக்கிட்ட நாள்களையும்.

ஒருவர் ஜூன் 10 அன்று சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய். 10 முதல் 30 வரை 21 நாள், கிடைக்கவேண்டியது 10,500. சீட்டில் 9,000 என்று இருக்கிறது. பி.எஃப். பிடித்தம் 1,080. ஒன்பதாயிரத்தில் 12 சதவீதம் சரியாக அவ்வளவுதான். பிடித்தத்தை மட்டும் சரிபார்ப்பவர் இங்கேதான் ஏமாறுகிறார். 9,000 என்பது 18 நாள் சம்பளம். சேர்ந்த தேதி 13 என்று பதிவாகிவிட்டது. வீட்டு வாடகைப் படியும் அதே விகிதத்தில் குறைந்திருக்கும். சேர்ந்த தேதியை வைத்து விடுப்பு வரவு வைக்கும் நிறுவனமானால், விடுப்பு இருப்பையும் பார்த்துவிட வேண்டும்.

பணி நியமனக் கடிதத்தையும் வருகைப் பதிவையும் இணைத்து, மனிதவளப் பிரிவுக்கு உடனே மின்னஞ்சல் அனுப்புங்கள். விடுபட்ட தொகை அடுத்த மாதச் சீட்டில் ‘அரியர்’ என்று தனி வரியாக வரவேண்டும். பி.எஃப். கணக்கிலும் சேர்ந்த தேதியைப் பாருங்கள். அங்கே தவறாக ஏறிவிட்டால், அதையும் திருத்த வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டில் தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை. பழைய நிறுவனம் அதே அரையாண்டுக்குப் பிடித்திருந்தால், அந்தச் சீட்டையும் காட்டிக் கேளுங்கள்.