பிரேக் பிடிச்சா பேட்டரி ஏறுமா? குட்டி கார்ல அளந்து பார்ப்போம்!

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கப் போனா, "பிரேக் பிடிக்கும்போது சார்ஜ் திரும்ப ஏறும்"னு ஷோரூம்ல சொல்வாங்க. இதுக்குப் பேரு ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங். சொல்றது உண்மைதான். ஆனா எவ்வளவு ஏறும்? பள்ளி, கல்லூரி அறிவியல் கண்காட்சிக்குச் செய்யற ஒரு கிலோ எடை குட்டி கார்லயே இதை அளந்துடலாம்.

முதல்ல அடிப்படை. ஆரல்வாய்மொழி பக்கம் போனா முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்திருப்பீங்க. காத்து இறக்கையைச் சுத்துது, உள்ளே இருக்கற ஜெனரேட்டர் மின்சாரம் தருது. கார்ல இருக்கற மோட்டாரும் அதே மாதிரிதான். பேட்டரி சுத்திவிட்டா அது மோட்டார். உருளுற சக்கரம் சுத்திவிட்டா அதுவே ஜெனரேட்டர். மின்சாரத்தை எடுக்க எடுக்க மோட்டார் சக்கரத்தைப் பிடிச்சு இழுக்கும், வண்டி வேகம் குறையும்.

இங்கதான் சிக்கல்

நம்ம குட்டி கார்ல 7.4 வோல்ட் பேட்டரி இருக்குன்னு வச்சுக்குவோம். சரிவுல மெதுவா இறங்கும்போது மோட்டார் 3 வோல்ட்தான் தரும். வாய்க்கால் தண்ணி மேட்டு வயலுக்குத் தானா ஏறாது இல்லையா? அதே மாதிரி 3 வோல்ட்ல இருந்து 7.4 வோல்ட்டுக்குக் கரன்ட் தானா போகாது.

அதனால கன்ட்ரோலர் ஒரு வேலை செய்யுது. மோட்டாரோட ரெண்டு முனையையும் நொடிக்குப் பல ஆயிரம் தடவை சேர்த்துச் சேர்த்துப் பிரிக்குது. சேர்க்கும்போது மோட்டார் சுருள்ல கரன்ட் வளரும். பிரிச்சதும் அந்தக் கரன்ட் நிக்க மறுத்து, வோல்டேஜை உயர்த்திக்கிட்டு பேட்டரிக்குள்ள பாயும்.

பிரிக்காம சேர்த்தே வச்சிருந்தாலும் கார் டக்குனு நிக்கும். பார்க்கறவங்க கைதட்டுவாங்க. ஆனா அந்த ஆற்றல் முழுசும் மோட்டார் சுருள்லயே சூடாப் போயிடும், பேட்டரிக்கு ஒண்ணும் வராது. கார் நின்னதை வச்சு சார்ஜ் ஏறுச்சுன்னு முடிவு பண்ணக் கூடாது.

எப்படி அளக்கறது?

பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவுல ஒரு கரன்ட் சென்சார் வைக்கணும். ஐ.என்.ஏ. 219 மாதிரி ரெண்டு திசையிலும் அளக்கறது வேணும். வெளியே போற கரன்ட் பிளஸ்ஸா தெரியற மாதிரி இணைச்சா, உள்ளே வர்றது மைனஸ்ல தெரியும். பிரேக் பிடிக்கும்போது மைனஸ் வரலைன்னா எதுவும் திரும்பலைன்னு அர்த்தம். பேட்டரி வோல்டேஜை மட்டும் பார்த்தா ஏமாந்துடுவோம். மோட்டார் கரன்ட் இழுக்கறதை நிறுத்தினாலே வோல்டேஜ் கொஞ்சம் ஏறும்.

கணக்கு ஈஸி: வோல்ட் × ஆம்பியர் × நொடி = ஜூல். மூணு மீட்டர் நீளப் பலகையோட ஒரு முனையை ஒரு மீட்டர் உயரத்துல தூக்கி வைங்க. உதாரணமா, ஏறும்போது சராசரியா 7 வோல்ட், 0.9 ஆம்பியர், 4 நொடின்னா செலவு சுமார் 25 ஜூல். இறங்கும்போது 7.6 வோல்ட், 0.15 ஆம்பியர், 2 நொடின்னா திரும்புனது சுமார் 2.3 ஜூல்.

ஒரு கிலோ கார் ஒரு மீட்டர் இறங்கும்போது கிடைக்கற ஆற்றல் 9.8 ஜூல். அதோட ஒப்பிட்டா திரும்புனது 23 சதவிகிதம். ஏறச் செலவான 25 ஜூலோட ஒப்பிட்டா வெறும் 9 சதவிகிதம். ஒரே ஓட்டம், ரெண்டு பதில். மீதி கியர் உராய்வுலயும் சூட்டுலயும் போச்சு.

நிஜ ஸ்கூட்டர்ல?

ஸ்கூட்டரும் ஆட்களும் சேர்ந்து 200 கிலோன்னு வைங்க. 40 கிலோமீட்டர் வேகத்துல வந்து, வடசேரி பக்கம் டிராஃபிக்ல நிக்கறீங்க. அந்த வேகத்துல இருக்கற ஆற்றல் சுமார் 3.4 வாட்-ஹவர். அதுல பாதி திரும்பினாலே பெரிய விஷயம். கிலோமீட்டருக்கு 30 வாட்-ஹவர் செலவாகற வண்டின்னா, ஒரு பிரேக்குக்கு சுமார் 57 மீட்டர் தூரம் கிடைக்கும். பேச்சிப்பாறை பக்கம் மலை ரோட்டுல 100 மீட்டர் உயரம் இறங்கினா, அதே பாதிக் கணக்குல சுமார் 900 மீட்டர்.

அதுவும் திடீர்னு பிரேக் அடிச்சா கிடைக்காது. வேலையை டிஸ்க்கும் டிரம்மும் செஞ்சு, ஆற்றல் சூடாப் போயிடும். ஃபுல் சார்ஜ்ல கிளம்பினாலும் பேட்டரியில வாங்க இடம் இருக்காது.

மெட்ரோ ரயில் கதை வேற. எடை அதிகம், அடிக்கடி ஸ்டேஷன், திரும்புற மின்சாரத்தைப் பக்கத்துல ஓடற இன்னொரு ரயில் உடனே எடுத்துக்கும். டெல்லி மெட்ரோவோட ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங் திட்டத்தை 2007-ல ஐ.நா. கார்பன் கிரெடிட்டுக்காகப் பதிவு செஞ்சது இதனாலதான்.

அடுத்த தடவை ஷோரூம்ல "இத்தனை சதவிகிதம் திரும்பும்"னு சொன்னா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: எதுல இத்தனை சதவிகிதம்? பிரேக் பிடிச்சப்போ இருந்த ஆற்றல்லயா, பேட்டரியில இருந்து மொத்தமா செலவானதுலயா?