வீடியோவில் தவறான தகவல் போய்விட்டதா? 'பின்' செய்த குறிப்பும் 30 வினாடி கிளிப்பும் அதை எப்படித் திருத்தும்?

சிரம்பான் வட்டாரத் தோட்டங்களின் கதையைச் சொல்லி நீங்கள் ஒன்றரை நிமிட வீடியோ ஒன்றைப் பதிவேற்றியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 42-ஆவது வினாடியில், "நம் தோட்டத்து ரப்பரைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகத்தான் சிரம்பான்–போர்ட்டிக்சன் ரயில்பாதை போடப்பட்டது" என்று ஒரு வரி வருகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது தவறு.

எப்படித் தெரியும்? ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தப் பாதை திறக்கப்பட்டது 1891-இல். மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிடுவது தொடங்கியதே 1896-இல், மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில், டான் சே யான் என்பவரின் தோட்டத்தில்தான். நட்ட மரத்தில் பால் வெட்ட இன்னும் ஐந்தாறு வருஷம் ஆகும். அப்படியானால் ரயில் எதற்கு வந்தது? சுங்கை ஊஜோங் சுரங்கங்களின் ஈயத்துக்காக. ரப்பர் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது.

இப்போது வீடியோவை 12,000 பேர் பார்த்துவிட்டார்கள். என்ன செய்வது?

வீடியோவை மாற்ற முடியாதா?

யூடியூப்பில் ஒரு வீடியோ ஏறிய பிறகு, அதே லிங்கில் வேறு கோப்பை வைக்க முடியாது. தவறான வரியை யூடியூப் எடிட்டரில் வெட்டி எடுக்கலாம். ஆனால் அந்த இடத்தில் சரியான வரியைச் சேர்க்க முடியாது. அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால், பழைய லிங்கைப் பகிர்ந்தவர்கள் கையில் ஒன்றுமே இருக்காது. எது தவறு என்பதும் யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

அதனால்தான் இரண்டு கருவிகள் தேவைப்படுகின்றன. ஒன்று, கமெண்ட் பகுதியின் உச்சியில் 'பின்' செய்து வைக்கும் குறிப்பு. இன்னொன்று, தொடர்ந்து வரும் குட்டி கிளிப். இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. குறிப்பு, இனிமேல் வீடியோவைப் பார்க்க வருகிறவர்களுக்கு. கிளிப், ஏற்கெனவே பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு.

குறிப்பில் என்ன எழுதுவது?

"மன்னிக்கவும், வீடியோவில் ஒரு சிறு தவறு உள்ளது" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. எந்தத் தவறு, எங்கே, சரியானது என்ன, எப்போது திருத்தப்பட்டது ஆகிய நான்கும் வேண்டும். நம் உதாரணத்துக்கு இப்படி எழுதலாம்:

"திருத்தம், மார்ச் 14: சிரம்பான்–போர்ட்டிக்சன் ரயில்பாதை ஈயத்தை ஏற்றிச் செல்லப் போடப்பட்டது (1891). 0:42-இல் ரப்பருக்காக என்று சொன்னது தவறு. ரப்பர் பயிர் வணிக அளவில் தொடங்கியது 1896-இல்."

சரியான தகவல் முதல் வரியிலேயே இருப்பதைக் கவனியுங்கள். செல்போனில் நீளமான கமெண்ட் சுருங்கித்தான் தெரியும். முதல் ஓரிரு வரிகளைத் தாண்டிப் பலர் போக மாட்டார்கள்.

"இது தவறு" என்று மட்டும் சொன்னால் ஏன் போதாது? இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1994-இல் ஜான்சன், சைஃபர்ட் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள், ஒரு கிடங்கு தீப்பிடித்த கதையைச் சிலரைப் படிக்க வைத்தார்கள். ஓர் அறையில் பெயிண்ட்டும் எரிவாயு சிலிண்டரும் கிடந்தன என்று முதலில் வருகிறது. பிறகு, அந்த அறை காலியாகத்தான் இருந்தது என்று திருத்தம் வருகிறது. திருத்தத்தைப் படித்தவர்களே, 'ஏன் இவ்வளவு புகை?' என்று கேட்டபோது பெயிண்ட்டைக் காரணம் காட்டினார்கள். ஆனால் யாரோ வேண்டுமென்றே தீ வைத்ததற்கான தடயம் கிடைத்தது என்று வேறொரு காரணத்தைத் தந்தபோது, பழைய காரணத்தின் பிடி தளர்ந்தது.

நம் வீடியோவுக்கும் இதே கதைதான். 'ரப்பருக்காக இல்லை' என்றால் மனசில் ஒரு ஓட்டை விழும். பழைய தகவலே திரும்பி வந்து அதை அடைக்கும். 'ஈயத்துக்காக' என்று சொன்னால்தான் அந்த இடம் நிரம்பும்.

யூடியூப்பில் இன்னொரு வழியும் உண்டு. 2022-இல் அது திருத்தங்களுக்கென்றே ஒரு வசதியைக் கொண்டுவந்தது. வீடியோவின் விவரப் பகுதியில் இப்படி எழுத வேண்டும்:

```
Correction:
0:42 ரயில்பாதை ஈயத்துக்காகப் போடப்பட்டது, ரப்பருக்காக அல்ல
```

அந்த நேரம் வரும்போது, திருத்தம் இருக்கிறது என்று திரையின் மூலையில் ஒரு சின்ன அட்டை தோன்றும். விளக்கத்தைத் தமிழில் எழுதலாம், ஆனால் தலைப்புச் சொல் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். 'திருத்தம்:' என்று போட்டால் யூடியூப்புக்குப் புரியாது. சேமித்த பிறகு, வேறொரு கணக்கில் திறந்து அட்டை வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அப்புறம் கிளிப் எதற்கு?

ஒருமுறை பார்த்தவர், திருத்தம் வந்திருக்கிறதா என்று தேடித் திரும்பி வர மாட்டார். ஷார்ட்ஸில் கமெண்டைத் தட்டினால்தான் குறிப்பு தெரியும். வீடியோவை டவுன்லோட் செய்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டால், குறிப்பு கூடவே போகாது. 'பின்' செய்ததோடு நிறுத்துகிறவர்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

கிளிப்புக்கு 20 முதல் 30 வினாடி போதும். முதல் வாக்கியமே சரியான தகவலாக இருக்கட்டும்: "சிரம்பான்–போர்ட்டிக்சன் ரயில் வந்தது ஈயத்துக்காக." அடுத்து, முந்தைய வீடியோவில் என்ன தவறாகச் சொன்னீர்கள் என்று ஒரே வரி. அதன்பின் 1891, 1896 என்ற இரண்டு ஆண்டுகளையும் திரையில் அருகருகே காட்டுங்கள். பார்க்கிறவர் தாமே முடிவுக்கு வந்துவிடுவார்.

பழைய வீடியோவின் தவறான துண்டை மட்டும் திரும்ப ஓட்டிக் காட்டாதீர்கள். யாராவது அந்தத் துண்டை வெட்டிப் பகிர்ந்தால், அதே தவறு உங்கள் குரலில் இரண்டாவது சுற்று கிளம்பும். காட்டியே ஆக வேண்டுமென்றால், அதன் மேலேயே 'தவறு' என்ற எழுத்தைப் பதித்துவிடுங்கள். சரியான வரியையும் தனி சப்டைட்டிலாக வைக்காமல் படத்திலேயே பதியுங்கள். ஃபார்வர்ட் ஆகும்போது அதுவும் கூடவே போகும்.

கடைசியாக, கிளிப்பின் லிங்கைப் 'பின்' செய்த குறிப்பிலும், பழைய வீடியோவின் லிங்கைக் கிளிப்பின் விவரத்திலும் போடுங்கள். முதல் வீடியோவை எந்தெந்த குரூப்பில் பகிர்ந்தீர்களோ, அங்கெல்லாம் கிளிப்பையும் அனுப்புங்கள்.

இது எப்போது போதாது?

ஒரு வரி தவறு என்றால் இந்த வழி சரி. வீடியோவின் மையக் கருத்தே தவறு என்றால்? ஜெர்மனியின் கூர்ட்ஸ்கெசாக்ட் சேனல் 2019-இல் அந்த நிலைக்கு வந்தது. போதைப் பழக்கம், ஐரோப்பிய அகதிகள் பற்றிய தங்களின் இரண்டு பழைய வீடியோக்கள் தங்கள் தரத்துக்கு ஏற்றவை அல்ல என்று அவர்களே முடிவு செய்து, அவற்றை நீக்கினார்கள். ஆனால் சத்தமில்லாமல் நீக்கவில்லை. ஏன் நீக்குகிறோம் என்று தனி வீடியோவே போட்டார்கள்.

நம் உதாரணத்திலும் ஒரு சோதனை செய்யலாம். தவறான வரியை எடுத்துவிட்டால் மிச்ச வீடியோ நிற்கிறதா? நின்றால் குறிப்பும் கிளிப்பும் போதும். 'ரப்பர்தான் ரயிலைக் கொண்டுவந்தது' என்பதே தலைப்பு என்றால், வீடியோவை இறக்கிவிட்டுக் காரணத்தைச் சொல்ல வேண்டியதுதான்.

திருத்தம் வேலை செய்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? புதிதாக வரும் கமெண்டுகளைப் படியுங்கள். "ரப்பர் ரயில்ல எங்க தாத்தாவும் போயிருக்கார்" என்று யாராவது இன்னும் எழுதினால், குறிப்பு அவர் கண்ணில் படவில்லை என்று அர்த்தம். முதல் வரியை இன்னும் சுருக்கி எழுதிப் பாருங்கள். திருத்திய பிறகு, குறிப்பு உச்சியிலேயே இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.