கடைசிச் செடிக்கும் நீர்

மகாராட்டிர மாநிலத்தின் ஜள்காவ் மாவட்டம் வாழைச் சாகுபடிக்குப் பெயர் பெற்றது. அங்குப் பல தோட்டங்களில் சொட்டுநீர்ப் பாசனம் நடைபெறுகிறது. வரிசைதோறும் கரிய குழாய் ஒன்று கிடக்கும். அதனைப் பக்கவாட்டுக் குழாய் என்பர். அதிலுள்ள சொட்டுவான்கள் வழியே நீர் வேரடியில் சொட்டும். இக்குழாயை விரும்பிய தொலைவு வரை நீட்டலாமா? நீட்ட இயலாது.

நீர் ஓடும்போது குழாயின் உட்சுவரில் உராய்ந்து அழுத்தத்தை இழக்கிறது. அழுத்தம் குறைந்தால் சொட்டும் நீரும் குறையும். நீளம் இரு மடங்கானால் இழப்பும் இரு மடங்காகும் என்று எண்ணலாகாது. சொட்டுவான்களும் இரு மடங்காவதால், குழாயில் நுழையும் நீரும் இரு மடங்காகிறது. விரைந்து ஓடும் நீருக்கு உராய்வு மிகுதி. ஆகவே இழப்பு ஆறு மடங்கையும் தாண்டிவிடும்.

சமதளத் தோட்டம் ஒன்றில் வரிசையின் நீளம் 140 மீட்டர் எனக் கொள்வோம். குழாயின் வெளிவிட்டம் 16 மில்லிமீட்டர். 60 சென்டிமீட்டருக்கு ஒரு சொட்டுவான் உள்ளது. 10 மீட்டர் உயரத் தொட்டியின் நீருக்குரிய அழுத்தம் இருந்தால், ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர் தரும். முதல் சொட்டுவானுக்கும் கடைசிச் சொட்டுவானுக்கும் உள்ள வேறுபாடு பத்தில் ஒரு பங்கை மிஞ்சக்கூடாது என்பது பொது விதி. அழுத்தம் 8 மீட்டராகக் குறையும்போது, சொட்டுவான் ஏறத்தாழ 3.6 லிட்டர் தரும். அதுவே எல்லை. இக்குழாய் ஏறத்தாழ 70 மீட்டரில் அவ்வெல்லையை அடைந்துவிடுகிறது.

குழாயை 140 மீட்டரும் ஒரே நீளமாக இட்டால், கடைசிச் சொட்டுவான் பாதிக்குச் சற்று மிகுதியாகவே தரும். கடைசி வாழைக்காக நெடுநேரம் நீர் விட்டால், முதல் வாழையின் வேருக்குக் கீழே நீர் இறங்கும். அதில் கரைந்த உரமும் வீணாகும். எனவே உழவர் துணைக் குழாயை வயலின் நடுவே பதித்து, இருபுறமும் 70 மீட்டர் வீதம் பக்கவாட்டுக் குழாய்களை இடுவர். மணிக்கு 2 லிட்டர் தரும் சொட்டுவான்களைப் பொருத்தினால் எல்லை 100 மீட்டர் அளவுக்கு நீளும். ஆனால், நீர் விடும் நேரம் இரு மடங்காகும்.

குறையைக் கண்டறிய ஒரு குவளை போதும். ஆறு நிமிடத்தில் முதல் சொட்டுவான் 400 மில்லிலிட்டர் தந்தால், கடைசிச் சொட்டுவான் 360க்குக் குறையாமல் தரவேண்டும். இடையில் ஒன்று மட்டும் குறைவாகத் தந்தால், அதில் அடைப்பு உள்ளது. வரிசை நெடுகப் படிப்படியாகக் குறைந்தால், குழாயின் நீளமே காரணம்.

சொற்பொருள்

சாகுபடி – பயிர் செய்தல்
உராய்வு – உரசுவதால் ஏற்படும் தடை
விட்டம் – வட்டத்தின் குறுக்களவு

விடையளி

1. குழாயின் நீளம் இரு மடங்கானால், அழுத்த இழப்பு ஆறு மடங்கைத் தாண்டுவது ஏன்?
2. ஒரு வரிசையில் ஆறு நிமிடத்தில் முதல், நடு, கடைசிச் சொட்டுவான்கள் முறையே 400, 210, 380 மில்லிலிட்டர் தந்தன. குறை எங்குள்ளது? எவ்வாறு அறிந்தாய்?