அந்தப் பத்து நிமிடம் எங்கே போனது?

துப்பறியும் கதையைப் படித்து முடித்ததும் வாசகர் இரண்டில் ஒன்றைச் சொல்வார். ஒன்று, "அடடா, இதை எப்படிக் கோட்டை விட்டோம்!" மற்றது, "இது அழுகுணி ஆட்டம்." அகதா கிறிஸ்டி 1926-இல் வெளியிட்ட 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' நாவலுக்கு இரண்டும் கிடைத்தன. அதன் முடிவைச் சொல்லாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது. இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, நாவலை முடித்த பிறகு வரலாம்.

கிராமத்து டாக்டர் ஷெப்பர்ட் தன் வாயால் சொல்லும் கதை இது. பணக்காரர் அக்ராய்டின் வீட்டுக்கு அவர் இரவு விருந்துக்குப் போகிறார். அன்றிரவே அக்ராய்ட் கத்திக்குத்துப் பட்டுச் சாகிறார். பக்கத்து வீட்டில் பூசணி வகையொன்றை வளர்த்துக்கொண்டு ஓய்வில் இருக்கும் பொய்ரோ துப்புத் துலக்க வருகிறார், டாக்டர் அவருக்குத் துணையாக நிற்கிறார். கடைசியில் கொலைகாரர் யாரென்று பார்த்தால், இத்தனை நேரம் நம்மிடம் கதை சொன்ன அதே டாக்டர்!

துப்பறியும் கதைக்கென்று எழுதப்பட்ட விதிகள் பிரபலமானது இதற்குப் பிறகுதான். அமெரிக்க எழுத்தாளர் வான் டைன் 1928-இல் இருபது விதிகளை எழுதினார். கத்தோலிக்கப் பாதிரியாரும் துப்பறியும் எழுத்தாளருமான ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் பத்துக் கட்டளைகளை வெளியிட்டார். பேய், பிசாசு கூடாது; துப்பறிபவர் கண்டுபிடித்த தடயத்தை உடனே வாசகருக்கும் காட்ட வேண்டும் என்கிற ரகம். எந்தப் பாத்திரத்தின் மனவோட்டத்தை வாசகர் பின்தொடர்ந்தாரோ அவர் குற்றவாளியாக இருக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. அதைக் கறாராகப் பிடித்தால் கிறிஸ்டி தோற்றுவிடுகிறார். ஆனால் விதிப்பட்டியலை வைத்துத் தீர்ப்பு எழுதுவது சோம்பேறித்தனம் என்பேன். புத்தகத்தைத் திரும்பப் புரட்டிப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை.

நாலாவது அத்தியாயத்துக்குப் போவோம். அக்ராய்டின் கைக்கு ஒரு கடிதம் வருகிறது. அவருடைய தோழியை மிரட்டிப் பணம் பறித்தவன் யார் என்பது அதில் இருக்கிறது. கடிதம் வந்தது எட்டு நாற்பதுக்கு. டாக்டர் அறையை விட்டுக் கிளம்பியது எட்டு ஐம்பதுக்கு. அப்போதும் கடிதம் படிக்கப்படவில்லை என்கிறார். கதவுப் பிடியில் கை வைத்தபடி, செய்யாமல் விட்டது ஏதும் உண்டா என்று திரும்பிப் பார்த்ததாகவும் எழுதுகிறார். முதல் வாசிப்பில் இது நண்பரைப் பற்றிய கவலை. இரண்டாம் வாசிப்பில், கொலையை முடித்தவன் அறையைச் சரிபார்க்கிறான். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எட்டு நாற்பதுக்கும் எட்டு ஐம்பதுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதை மட்டும் அவர் எழுதவில்லை. அந்த இடைவெளியைக் கடிகாரக் கணக்கோடு நம் கண்ணெதிரே வைத்தும் இருக்கிறார்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அறையிலிருந்து வெளிவாசல் கேட் வரை ஐந்து நிமிட நடை. ஆனால் டாக்டர் கேட்டைத் தாண்டும்போது தேவாலய மணி ஒன்பது அடிக்கிறது. மிச்ச ஐந்து நிமிடம் எங்கே? அதோடு, விருந்துக்குப் போகிறவர் மருத்துவப் பையை ஏன் தூக்கிக்கொண்டு போகிறார்? இயந்திரங்களை நோண்டுவதில் அவருக்கு ஆசை என்பதும், வாரிசாக வந்த பணத்தைத் தவறான முதலீட்டில் தொலைத்தவர் என்பதும் முன்பே வந்துவிடுகின்றன. பொய்ரோ விடையைச் சொல்வதற்கு வெகு முன்பே இவையெல்லாம் நம் கையில் இருக்கின்றன.

துப்பு கதையில் எங்கோ கிடந்தால் மட்டும் போதாது. பல துப்புகள் தனித்தனியாக ஒரே ஆளைச் சுட்ட வேண்டும், வேறு ஆளை வைத்தால் ஏதாவது ஒன்று இடிக்க வேண்டும். இந்த இரண்டாவது சோதனையில் 'அக்ராய்ட்' அவ்வளவு கெட்டி இல்லை. பிரெஞ்சுப் பேராசிரியர் பியர் பயார் 1998-இல் இதற்காகவே ஒரு புத்தகம் எழுதி, பொய்ரோ சொன்ன விடை தவறு, கொலையாளி டாக்டரின் அக்கா கரோலின்தான் என்று வாதாடினார். எனக்கு அது ஒப்பவில்லை. அந்தப் பத்து நிமிடத்தை எழுதாமல் விட்டதை, கடைசி அத்தியாயத்தில் டாக்டரே சாமர்த்தியமாக எழுதியதாகப் பெருமையடித்துக்கொள்கிறார். அக்கா செய்த கொலைக்கு அந்தப் பெருமை பொருந்தாது.

அடுத்த முறை ஒரு துப்பறியும் நாவலின் முடிவு உங்களை ஏமாற்றினால், உடனே எழுத்தாளரைத் திட்டாதீர்கள். கொலை நடந்த அத்தியாயத்தைப் பென்சிலோடு மறுபடி படியுங்கள். கதைசொல்லி சொன்ன வாக்கியம் ஒன்று பச்சைப் பொய் என்று தெரிந்தால், அதற்குப் பிறகு திட்டுங்கள்.