படித்தது மெக்கானிக்கல், இனி எந்தப் பக்கம்?

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வு நடப்பது 200 மதிப்பெண் கட்-ஆஃபை வைத்து. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மாணவருக்கு எந்திரம் பிடிக்குமா, கட்டடம் பிடிக்குமா என்று இந்தக் கூட்டல் கேட்பதில்லை. விருப்பப் பட்டியல் நிரப்பும் நேரத்தில் வீட்டில் நடக்கும் பேச்சும் பெரும்பாலும் ஒன்றுதான்: சுமாரான கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸா, பெயர் பெற்ற கல்லூரியில் மெக்கானிக்கலா? இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் “இது நமக்கு ஒட்டவில்லை” என்று உணரும் பிள்ளைகள் ஏராளம்.

அப்படி உணர்ந்தவர்கள் வழக்கமாகப் போகும் வழிகள் மூன்று: சாஃப்ட்வேர், வங்கி, ஆசிரியப் பணி. இம்மூன்றிலும் ‘என்ன பிரிவு படித்தாய்?’ என்ற கேள்வி நாம் பயப்படும் அளவுக்குத் தடையாக இருப்பதில்லை. அறிவிப்பின் தகுதிப் பத்தியில் இருக்கும் வேறு சில வரிகள்தான் ஆளை வெளியே நிறுத்துகின்றன. அந்த வரிகள் ஒவ்வொரு துறைக்கும் வேறு. ஆகவே எதை முதலில் முயல்வது, எதைப் பிறகு வைத்துக்கொள்வது என்பதில் ஒரு வரிசை இருக்கிறது.

முதலில் சாஃப்ட்வேரை எடுத்துக்கொள்வோம். பெரிய ஐ.டி. நிறுவனங்கள் கேம்பஸில் ஆள் எடுக்கும்போது பெரும்பாலும் எல்லாப் பிரிவினரையும் அனுமதிக்கின்றன. சேர்ந்த பிறகு சில மாதம் பயிற்சி கொடுக்கின்றன. அவர்கள் வழக்கமாகப் பார்ப்பது மூன்றை. பத்தாம் வகுப்பு முதல் பட்டம் வரை 60 சதவீதம், நிலுவையில் அரியர் இல்லாமை, தேர்ச்சி பெற்ற ஆண்டு. மூன்றாவதை மாணவர்கள் கவனிப்பதே இல்லை. புதியவர்களுக்கான அறிவிப்பில் ‘இந்த ஆண்டு முடிப்பவர்கள்’ அல்லது ‘கடந்த ஓரிரு ஆண்டுகளில் முடித்தவர்கள்’ என்று இருக்கும். படிப்பு முடிந்து இரண்டு வருடம் வங்கித் தேர்வுக்குப் படித்துவிட்டு, ‘சரி, ஐ.டி.க்குப் போகலாம்’ என்று திரும்பினால் அந்த வாசல் பாதி சாத்தியிருக்கும். கம்ப்யூட்டர் சார்ந்த பிரிவுகளை மட்டுமே அழைக்கும் நிறுவனங்களும் உண்டு. அங்கே நேராக நுழைவது கடினம். இரண்டு மூன்று ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு பிரிவின் பெயர் பின்னுக்குப் போய்விடும்.

தகுதி வரி தாண்டியவர்கள் அடுத்து விழுவது ஆன்லைன் கோடிங் தேர்வில். ‘கொடுத்த எண்களில் இரண்டாவது பெரிய எண்ணைக் கண்டுபிடி’ என்பது அங்கே அடிக்கடி வரும் வகைக் கேள்வி. ஒரு மாத கோர்ஸ் முடித்த மெக்கானிக்கல் மாணவர் இப்படி எழுதுவார்:

```
a = [5, 9, 9, 3]
print(sorted(a)[-2])
```

எண்களை ஏறுவரிசையில் அடுக்கி, கடைசிக்கு முந்தையதை எடுக்கிறார். 5, 8, 9, 3 என்று கொடுத்தால் 8 என்ற சரியான விடை வரும். ஆனால் மேலே உள்ளதுபோல 9 இரண்டு முறை வந்தால் விடையும் 9 என்றே வரும். வர வேண்டியது 5. திரையில் காட்டாத சோதனை எண்களில் இப்படிப்பட்டவைதான் ஒளிந்திருக்கும். முதலில் இரட்டிப்பை நீக்கினால் சரியாகிவிடும்:

```
print(sorted(set(a))[-2])
```

எல்லா எண்ணும் ஒன்றாகவே இருந்தால் இதுவும் பிழை காட்டி நின்றுவிடும். அதற்குத் தனியாக ஒரு வரி சேர்க்க வேண்டும். மொழியின் இலக்கணம் தெரிந்தவருக்கும் கோடிங் தெரிந்தவருக்கும் உள்ள தூரம் இவ்வளவுதான். சான்றிதழ் எத்தனை வைத்திருக்கிறோம் என்று எண்ணுவதைவிட, ‘என் விடை எந்த எண்ணுக்குத் தப்பாகும்?’ என்று தேடும் பழக்கம் வந்துவிட்டதா என்று பார்த்தாலே தயாராகிவிட்டோமா என்பது தெரியும்.

வங்கியின் பூட்டு வேறு. ஐ.பி.பி.எஸ். நடத்தும் அதிகாரி தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். வயது 20 முதல் 30 வரை, ஓ.பி.சி.க்கு மூன்று ஆண்டும், எஸ்.சி., எஸ்.டி.க்கு ஐந்து ஆண்டும் சலுகை உண்டு. இங்கே நம் ஊர்ப் பிள்ளைகள் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. கையில் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் தமிழக அரசு வேலைகளுக்கானது. வங்கித் தேர்வுக்கு மத்திய அரசு வடிவத்தில், ‘கிரீமி லேயர்’ அல்லாதவர் என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். அதை விண்ணப்பிக்கும் முன்பே இ-சேவை மையம் வழியாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். நேர்முகத் தேர்வு வரை வந்துவிட்டு, சான்றிதழ் சரிபார்ப்பில் திண்டாடக் கூடாது.

முதல்நிலைத் தேர்வில் ஒரு மணி நேரத்தில் 100 கேள்விகள். ஆங்கிலம், கணக்கு, ரீசனிங் ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம். தவறான விடைக்குக் கால் பங்கு கழிவு. பொறியியல் மாணவருக்குக் கணக்கு வரும். ஆனால் எடுத்த கணக்கை முடிக்காமல் விடாத பழக்கமும் கூடவே வரும். அதுதான் இங்கே இடைஞ்சல். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மதிப்பெண் என்று வைத்துக்கொள்வோம். 70 கேள்விக்கு விடையளித்து 50 சரி, 20 தவறு என்றால் கிடைப்பது 45. அதே 50 சரியோடு 5 மட்டும் தவறு என்றால் 48.75. எதை விட்டுவிட வேண்டும் என்று பத்து நொடியில் முடிவெடுப்பதற்குத்தான் மாதிரித் தேர்வுகள். இதன் அடுத்த கட்டமான முதன்மைத் தேர்வில் பொருளாதார, வங்கி நடப்புகள் வரும். அதைப் புதிதாகத்தான் படித்தாக வேண்டும்.

மூன்றாவது வழி ஆசிரியப் பணி. பிரிவும் பட்டமும் உண்மையிலேயே கணக்கில் வருவது இங்கேதான். பொறியியல் கல்லூரியில் கற்பிக்க அதே துறையில் எம்.இ. வேண்டும். ஆகவே மெக்கானிக்கலே பிடிக்காதவருக்கு அது தீர்வாகாது. பள்ளிக்குப் போக விரும்பினால், தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் 2014 விதிமுறைப்படி 55 சதவீதம் பெற்ற பொறியியல் பட்டதாரி பி.எட். சேரலாம். அது இரண்டு ஆண்டுப் படிப்பு. பி.இ.யோடு பி.எட். முடித்தவர் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதி 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை கணித ஆசிரியராகலாம் என்று தமிழக அரசு 2019-இல் அனுமதித்தது. ஆனால் தகுதித் தேர்வில் தேறினால் வேலை என்று பொருளில்லை. அரசுப் பள்ளி நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு உண்டு என்று 2018-இல் அரசாணை எண் 149 சொல்லிவிட்டது. மேல்நிலை வகுப்புக்குப் போக எம்.எஸ்சி. போன்ற முதுநிலைப் பட்டம் தேவை. செலவுக்கும் காலத்துக்கும் துணிந்தவர்களுக்கே இந்த வழி.

ஆக, வரிசை இப்படி அமைகிறது. மூன்றாம் ஆண்டில் ‘ஒட்டவில்லை’ என்று தெரிந்தால் முதல் வேலை அரியரை முடிப்பது, அடுத்த ஓராண்டு கோடிங், இறுதியாண்டில் கேம்பஸ். அது கிடைக்காவிட்டாலோ பிடிக்காவிட்டாலோ வங்கி. அந்த வாசல் 30 வயது வரை திறந்திருக்கிறது. கற்பிப்பதில் நிஜமான ஆசை இருப்பவர்கள், பி.எட். கட்டணம் கட்டும் முன் ஒரு டியூஷன் மையத்தில் ஆறு மாதம் எட்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்க்கட்டும். வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் வங்கி, பிறகு சாஃப்ட்வேர் என்று போனவர்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள். எனவே பெற்றோரும் பிள்ளைகளும், எந்த அறிவிப்பு வந்தாலும் சம்பளத்தைப் பார்க்கும் முன் தகுதிப் பத்தியில் தேர்ச்சி ஆண்டையும் வயது வரம்பையும் படித்துவிடுங்கள்.