எஸ்.டி.பி. அறையில் ஆள் இறங்காமல் இருக்க

அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்தில், கார் நிறுத்துமிடத்தின் ஓரமாக, எப்போதும் சாத்தியே கிடக்கும் ஓர் இரும்புக் கதவு இருக்கும். உள்ளே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், அதாவது எஸ்.டி.பி. பம்புகள், புளோயர்கள், ஃபில்டர்கள், தரைக்கு அடியில் தொட்டிகள். தொட்டிக்குள் இறங்கிய தொழிலாளி இறந்துபோனால் ‘விஷவாயு தாக்கியது’ என்று செய்தி வரும். அவர் ஏன் இறங்க வேண்டி வந்தது என்று தேடிப் போனால், விடை பெரும்பாலும் கட்டடம் எழும்புவதற்கு முன் போட்ட வரைபடத்திலேயே கிடைக்கும்.

வரைபடம் மேசையில் இருக்கும்போதே ஆபத்துகளைத் தேடி எழுதிவைக்கும் ஏட்டுக்கு அபாயப் பதிவேடு என்று பெயர். ரிஸ்க் ரெஜிஸ்டர் என்றுதான் அலுவலகங்களில் சொல்வார்கள். என்ன ஆபத்து, யாருக்கு, நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு விபரீதம், வரைபடத்தில் எதை மாற்றினோம், மாற்றிய பிறகும் மிஞ்சுவது என்ன, அதற்குப் பொறுப்பு யார் என்று ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டும். வாய்ப்புக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண், விபரீதத்துக்கும் அப்படியே. இரண்டையும் பெருக்கினால் எதை முதலில் கவனிப்பது என்று தெரியும். இதை எழுத டிசைன் என்ஜினீயர்கள் மட்டும் போதாது. நாளை அந்த அறையில் வேலை செய்யப்போகிற பம்ப் ஆபரேட்டர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். எந்த வால்வு எத்தனை நாளைக்கு ஒருமுறை மக்கர் பண்ணும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஒரு மாதிரி வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். வீடுகளின் கழிவுநீர் வந்து விழும் முதல் தொட்டி 4 மீட்டர் ஆழம். அடியில் 80 கிலோ எடையுள்ள நீர்மூழ்கி பம்ப், தளத்தோடு போல்ட் போட்டு இறுக்கியது. மேலே 450 மில்லிமீட்டர் சதுரத்தில் ஒரு மேன்ஹோல், சுவரில் இரும்புப் படிகள். காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆபரேட்டரைக் கேட்டால், “பம்புல துணி, டயப்பர் மாட்டிக்கும் சார். மாசத்துக்கு ஒருவாட்டியாவது எடுக்கணும்” என்பார். எப்படி எடுப்பது? இறங்கித்தான். அந்த வரிக்கு வாய்ப்பு 4, விபரீதம் 5, மொத்தம் 20.

அந்தத் தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் அந்த 5 ஏன் என்பது புரியும். தேங்கிய கழிவுநீரில் ஹைட்ரஜன் சல்பைடு உருவாகிறது. அது காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை நெருங்கும்போது மோப்ப நரம்பே செயலிழந்துவிடும். நாற்றம் நின்றதும் வாயு போய்விட்டது என்று ஆள் நினைப்பார். சேற்றைக் கிளறினால் உள்ளே அடங்கியிருந்த வாயு ஒரே மூச்சில் வெளிவரும். விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் குதிப்பார், அவரும் விழுவார்.

பல பதிவேடுகளில் இந்த வரிக்கு எதிரே ‘முகக்கவசம் அணியவும், பயிற்சி அளிக்கவும்’ என்று எழுதி மதிப்பெண்ணை 20-லிருந்து 5-க்குக் குறைத்திருப்பார்கள். இதை நான் ஏற்பதில்லை. வரைபடத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. மாதம் ஒருமுறை இறங்குவதும் மாறவில்லை. கவசமும் பயிற்சியும் கட்டாயம் வேண்டும், ஆனால் அவை கடைசித் தற்காப்பு.

கோடுகளை இப்படி மாற்றலாம். தொட்டிக்கு முன்னால் கம்பிச் சல்லடை அறை ஒன்று. நின்ற இடத்திலிருந்தே வாரிக் குப்பையை இழுத்துவிடலாம். பம்பை போல்ட் போடாமல் கைடு ரயிலில் இறக்கினால், அது தன் எடையிலேயே கீழே உள்ள குழாய் வாயில் போய் உட்காரும், சங்கிலியைப் பிடித்து இழுத்தால் கழன்று மேலே வரும். மேன்ஹோல் பம்புக்கு நேர் மேலே, 900-க்கு 600 மில்லிமீட்டர் திறப்பாகட்டும். மாதாந்தர இறங்கல் நின்றது. ஆனால் ஒரு புதிய ஆபத்து முளைத்தது: பெரிய திறப்பில் ஆள் தவறி விழலாம். ஆகவே மூடிக்கு அடியில் கீல் வைத்த கம்பித் தட்டி. பதிவேட்டில் அதற்கும் ஒரு வரி. ஒரு தீர்வு எந்த ஆபத்தைக் கொண்டுவருகிறது என்று எழுதாத பதிவேடு பாதிதான்.

இனி தூக்கும் வேலை. திறப்புக்கு மேலே ஒரு ஐ-பீம், அதில் செயின் பிளாக். அடித்தளத்தின் உயரம் குறைவு என்பதால் பீம் தரையிலிருந்து 2.6 மீட்டரில்தான் வரும். பம்ப் இருப்பதோ 4 மீட்டர் கீழே. செயின் பிளாக்கின் உயரத்தையும் கழித்தால் ஒரே இழுப்பில் சுமார் 2 மீட்டர்தான் ஏறும். பம்ப் பாதிக் கிணற்றில் தொங்கும். அங்கே சங்கிலியை நிறுத்தி மாட்ட, திறப்பின் விளிம்பில் ஒரு கொக்கி வேண்டும். சங்கிலியில் மீட்டருக்கு ஒன்றாகப் பெரிய வளையங்களும் வேண்டும். அவை இருந்தால் மாட்டி, மறுபடி பிடித்து இழுக்கலாம். இல்லாவிட்டால் 80 கிலோவை இரண்டு பேர் கையால் பிடித்து நிற்பார்கள், இல்லையென்றால் ஒருவர் கீழே இறங்கிக் கட்டுவார். ஒரு கொக்கி இல்லாத குறை, நாம் ஒழித்த ஆபத்தைத் திரும்பக் கூட்டி வந்துவிடும்.

பீம் சிவில் வரைபடத்தில் இருக்கும், காற்று டக்ட் மெக்கானிக்கல் வரைபடத்தில் இருக்கும். ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால்தான் டக்ட் சரியாகத் திறப்புக்கு மேலே குறுக்கே போவது தெரியும். கட்டி முடித்த பிறகு தெரிந்தால், ஆட்கள் கைக்கு எட்டிய குழாயில் செயின் பிளாக்கை மாட்டுவார்கள். தூக்கிய பம்ப் வெளியே போகும் வழியையும் தள்ளுவண்டியோடு வரைந்து பார்க்க வேண்டும். கதவு அகலம் 900 மில்லிமீட்டர், சத்தம் அடக்கும் பெட்டியோடு புளோயர் 1,100 என்றால், பழுதான அன்று சுவரை இடிக்க வேண்டியதுதான்.

நடமாட்டத்துக்கு ஒரு சோதனை போதும்: மயங்கிய ஆளை ஸ்ட்ரெச்சரில் வைத்து, நேராக வெளியே கொண்டுபோக முடிகிறதா? கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், மின் பலகைக்கு முன்னால் ஒரு மீட்டர் காலியிடம் வேண்டும்.

இன்னொன்று பலர் கண்ணில் படுவதில்லை. காற்றுப்போக்கி நின்றால் தொட்டி மட்டுமல்ல, அந்த அறையே மூடிய வெளியாகிவிடும். உறிஞ்சும் வாய் தரைக்கு அருகே இருக்க வேண்டும், விசிறி ஸ்விட்சும் வாயு அளவு காட்டும் திரையும் கதவுக்கு வெளியே இருக்க வேண்டும், விசிறி நின்றால் காவலர் அறையில் மணி அடிக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் சில வருடங்களுக்கு ஒருமுறை தொட்டியைக் காலி செய்து, கழுவி, உள்ளே பார்க்கத்தான் வேண்டியிருக்கும். அதற்காகத் தொட்டியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை அடைத்து வைக்க வால்வு, லாரி குழாயை வெளியிலிருந்தே மாட்ட இணைப்பு, மீட்பு முக்காலி நிறுத்த மேலே தடையற்ற இடம் எல்லாம் வரைபடத்தில் வருகின்றன. வாய்ப்பு 4-லிருந்து 2 ஆகிறது. விபரீதம் 5-லேயே நிற்கிறது, ஏனென்றால் வாயு மாறவில்லை. மிச்சம் 10. அதை மறைக்காமல், ஆக்சிஜன் 20.9 சதவீதமும் விஷவாயு இல்லாமையும் அளந்து உறுதியான பிறகே, எழுத்து அனுமதியோடும் மேலே காவலுக்கு ஆளோடும் இறங்க வேண்டும் என்ற குறிப்போடு கட்டடத்தைப் பராமரிப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

பாதுகாப்பு ஏற்பாடில்லாமல் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சாக்கடை மரணங்களுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. புது வீட்டுக்குச் சாவி வாங்கும் சங்க நிர்வாகிகள் லிஃப்ட், ஜெனரேட்டர் காகிதங்களோடு எஸ்.டி.பி. அபாயப் பதிவேட்டையும் பில்டரிடம் கேட்டு வாங்குங்கள். அதை எடுத்துக்கொண்டு இரும்புக் கதவுக்குள் ஒருமுறை போய், பம்பை உங்கள் கண் முன்னால் மேலே தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். யாரும் இறங்காமல் அது மேலே வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.